புரோஷரைத் திருத்தி எழுதும் முன் வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம்: விடுபட்ட விபரங்களைக் கேட்கும் முறை

நல்லூர்ப் பக்கம் ஆறு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் இல்லம். அதன் பழைய புரோஷர் ஒன்று, ஏ4 தாளை மூன்றாக மடித்தது, என் மேசைக்கு வந்தது. மூலையில் பேனாவால் ஒரு குறிப்பு: "கொஞ்சம் வடிவாய்த் திருத்தி எழுதித் தாங்கோ." அவ்வளவுதான். புதிய விபரம் என்று ஒரு வரிகூட இல்லை.

விளம்பர நிறுவனத்தில் எடிட்டராக இருப்பவருக்கு இது வழக்கமான நிலைமை. வாடிக்கையாளருக்குத் தன் இடம் அத்துப்படி. அதனால் எது விடுபட்டிருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதை வெளியிலிருந்து வாசிக்கிற நாம்தான் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். கேட்கிற கடிதத்தை எப்படிக் கட்டுவது என்பதை இந்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் என் பிழை ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளருக்கு "தயவுசெய்து புதிய விபரங்களை அனுப்பவும்" என்று ஒற்றை வரியில் எழுதினேன். "எல்லாம் பழையபடிதான், நீங்கள் எழுதுங்கோ" என்று பதில் வந்தது. ஆயிரம் பிரதி அடித்தோம். புரோஷரில் இருந்த தொலைபேசி இணைப்பு வெட்டப்பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த எண் புரோஷரில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. இரண்டு பின்னேரம் உட்கார்ந்து ஆயிரம் ஸ்டிக்கர் ஒட்டினோம். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும் என்று அன்றைக்குப் புரிந்தது.

படி 1: பென்சிலோடு வாசியுங்கள்

பழைய புரோஷரைப் பெரிதாகப் பிரதியெடுத்து, ஒவ்வொரு கூற்றின் கீழும் கோடு போடுங்கள். கூற்று என்று நான் சொல்வது, யாராவது "இது உண்மையா?" என்று கேட்கக்கூடிய எதையும். "அழகிய முற்றம்" கூற்று அல்ல. "24 மணி நேரமும் சுடுநீர்" கூற்று.

கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. நானே தேடிப் பார்க்கக்கூடியதற்கு "நா". வாடிக்கையாளர் மட்டுமே சொல்லக்கூடியதற்கு "அ". யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வெட்டிவிடலாம் என்பதற்கு "வெ". இந்தப் புரோஷரில் 31 கோடுகள் விழுந்தன. அவற்றில் 11 "வெ". "யாழ்ப்பாணத்தின் தலைசிறந்த", "உலகத் தரம் வாய்ந்த" போன்றவை அவை.

கோடு போட்டு முடிந்ததும் மறுபக்கமாக ஒருமுறை வாசியுங்கள். விருந்தினராக வரப்போகிறவர் தேடுவார், ஆனால் தாளில் இல்லை என்பவை எவை? இங்கே உடனே கண்ணில் பட்டவை இரண்டு. சாப்பாடு பற்றிப் பெருமையாக எழுதியிருந்தது, சைவமா அசைவமா என்று எங்கும் இல்லை. நெடுந்தீவுப் பயணம் ஏற்பாடு செய்து தருவதாக இருந்தது, படகுக் கட்டணம் சேர்ந்ததா என்று இல்லை. இப்படி இல்லாததைப் பிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் அதன் கீழ் கோடு போட முடியாது.

படி 2: உங்கள் பங்கை முதலில் முடியுங்கள்

"நா" என்று குறித்த எதையும் வாடிக்கையாளரிடம் கேட்காதீர்கள். கேட்டால் அவருக்கு நேரம் வீண், நம்மீது மதிப்பும் குறையும். அதைவிட மோசம், அவர் நினைவிலிருந்து சொல்லும் பிழையான பதிலை நாம் அச்சில் ஏற்றிவிடுவது.

பழைய புரோஷரில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1983 இல் எரிந்ததாக இருந்தது. 1983 கலவர ஆண்டு மனதில் ஆழப் பதிந்திருப்பதால் பலர் இப்படி எழுதுவார்கள். நூலகம் எரிந்தது 1981 இல், மே முடிந்து யூன் தொடங்கிய இரவில். கோட்டையை ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று இருந்தது. முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் பிறகு பெருப்பித்துக் கட்டினார்கள். "பலாலி விமானப்படைத் தளம்" என்று பழைய பெயரில் இருந்தது. 2019 ஒக்ரோபரிலிருந்து அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்.

"ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழா" என்ற வரியில்தான் கூடுதல் நேரம் நின்றேன். 25 நாள் திருவிழா, தீர்த்தம் அமாவாசையில் வரும். அதனால் ஆங்கில மாதத்தில் நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். கொடியேற்றம் 2023 இல் ஓகஸ்ட் 21, 2024 இல் ஓகஸ்ட் 9, 2025 இல் யூலை 29. மூன்று வருடத்துக்கு அடிக்கும் புரோஷரில் "ஓகஸ்ட்" என்று போட்டால், யூலைக் கடைசியில் கொடியேறும் வருடத்தில் ஒருவர் தொடக்க நாட்களைத் தவறவிடுவார். "யூலைக் கடைசியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள், ஒவ்வொரு வருடமும் திகதி மாறும்" என்று எழுதுவதென்று முடிவு செய்தேன். இதற்கு வாடிக்கையாளரின் பதில் தேவையில்லை. ஆனால் மாற்றிவிட்டோம் என்று கடிதத்தில் தெரியப்படுத்த வேண்டும்.

இதே படியில் ஒரு நடை. "கோயிலிலிருந்து 5 நிமிடம்" என்று இருந்ததால் இல்லத்தின் வாசலிலிருந்து கோயில்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். 14 நிமிடம். ஓட்டோவில் போனால் ஐந்து நிமிடம் சரிதான். ஆனால் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். ஆகக் கூட்டமாக ஆட்கள் வரும் அந்த 25 நாளில்தான் அந்த வரி பொய்யாகிறது.

படி 3: கேள்விகளைக் குறையுங்கள்

"அ" பட்டியலும் தாளில் இல்லாதவையும் சேர்ந்து 23 கேள்விகளாக நின்றன. இருபத்துமூன்று கேள்வியோடு ஒரு கடிதம் போனால் அது மேசை லாச்சிக்குள் போய்விடும்.

குறைப்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே. பதில் என்னவாக வந்தால் தாளில் எந்த வாக்கியம் மாறும்? மாறும் வாக்கியத்தைக் காட்ட முடியாவிட்டால் அந்தக் கேள்வி வெறும் ஆர்வம். வீட்டைக் கட்டிய மேசன் யார் என்று அறிய எனக்கு ஆசை. ஆனால் மூன்று மடிப்பின் ஆறு பக்கத்தில், படங்கள் போக, முந்நூறு சொல்லுக்கு மேல் வசதியாக அடங்காது. மேசனுக்கு அங்கே இடமில்லை.

ஒன்பது கேள்விகள் மிஞ்சின. அவற்றையும் இரண்டாகப் பிரித்தேன். பதில் இல்லாமல் எழுதவே முடியாதவை ஐந்து, பதில் வராவிட்டாலும் ஒரு மாதிரி எழுதக்கூடியவை நான்கு. இந்தப் பிரிப்பு கடிதத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அவர் இலகுவான நான்குக்குப் பதில் சொல்லிவிட்டு, வேலை தொடங்கியிருக்கும் என்று நினைத்துக் காத்திருப்பார்.

படி 4: ஒவ்வொரு கேள்வியையும் பதில் எழுதும் இடத்தோடு அமையுங்கள்

ஒரு நல்ல கேள்வியில் பழைய புரோஷரின் வாக்கியம் அப்படியே இருக்கும், அதில் என்ன குறை என்று ஒரு வரி இருக்கும், பதிலை நிரப்ப இடம் இருக்கும். எழுத்தை நிறுத்தாத கேள்வியானால், பதில் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதும் இருக்கும்.

கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் உதவுவது. "பதில் வராவிட்டால் இந்த வரியை எடுத்துவிடுவேன்" என்று வாசிக்கிறபோது அவர் கைபேசியை எடுப்பார். தனக்குப் பிடித்த வரி போகப்போகிறதே! அதே நேரம் இது மிரட்டலாகவும் இருக்கக்கூடாது. எடுத்துவிட்டால் புரோஷர் பிழையில்லாமல் நிற்கும், அதுதான் நோக்கம். விலை, தொலைபேசி எண், பதிவு எண் மூன்றுக்கும் இப்படி ஒரு மாற்று வைக்காதீர்கள். அவற்றை ஊகித்து எழுத யாருக்கும் உரிமை இல்லை.

"வசதிகள் பற்றி விபரமாக எழுதவும்" என்று கேட்டால் "நல்ல வசதி" என்று பதில் வரும். "ஆறு அறைகளில் எத்தனைக்கு ஏசி?" என்றால் "நாலு" என்று வரும். எண்ணாகவோ, ஆம் இல்லை என்றோ பதில் சொல்லும்படி கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்.

படி 5: கடிதம்

அனுப்பிய கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

> பொருள்: விருந்தினர் இல்லப் புரோஷர். எழுதத் தொடங்கும் முன் தேவையான 9 விபரங்கள்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> உங்கள் பழைய புரோஷரை முழுதாக வாசித்தேன். நூலகம், கோட்டை, விமான நிலையம், திருவிழாத் திகதி பற்றிய வரிகளை நாங்களே சரிபார்த்துத் திருத்திவிட்டோம். திருத்தங்களை இத்துடன் இணைத்த தாளில் பார்க்கலாம்.
>
> கீழே உள்ள ஒன்பதும் உங்களிடம் மட்டுமே உள்ளவை. முதல் ஐந்தும் கிடைத்த பிறகுதான் எழுத்தைத் தொடங்குவோம். இந்தத் தாளிலேயே பேனாவால் நிரப்பிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.
>
> எழுதத் தொடங்கத் தேவையானவை
>
> 1. "அறை வாடகை ரூபா 4,500 முதல்." இது எந்த வருட விலை என்று தெரியவில்லை.
> இருவர் அறை ரூபா ........ மூவர் அறை ரூபா ........
> காலை உணவு: சேரும் / சேராது. வரியும் சேவைக் கட்டணமும்: சேரும் / சேராது.
> திருவிழா 25 நாளும்: இதே விலை / ரூபா ........
>
> 2. புரோஷரில் 021 இல் தொடங்கும் ஓர் எண் மட்டும் உள்ளது. நான் இரண்டு நாள் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.
> போட வேண்டிய எண் ........ வட்ஸ்அப் உண்டா? ........ அழைப்பை எடுப்பவர் பேசும் மொழிகள் ........
>
> 3. "சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றது." சான்றிதழில் உள்ளபடி பதிவு எண் ........ செல்லுபடியாகும் கடைசி நாள் ........
> சான்றிதழின் படம் ஒன்றும் அனுப்பி வையுங்கள்.
>
> 4. "சகல நவீன வசதிகளும் உண்டு." ஆறு அறைகளில், ஏசி ........ அறை, சுடுநீர் ........ அறை.
> மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர்: உண்டு / இல்லை. உண்டு என்றால் ஏசி ஓடுமா? ........
>
> 5. "சுவையான யாழ்ப்பாணச் சாப்பாடு." சைவம் மட்டும் / அசைவமும் உண்டு.
> திருவிழாக் காலத்தில்: சைவம் மட்டும் / வழமைபோல்.
> சாப்பாட்டுக்கு எத்தனை மணித்தியாலம் முன்பு சொல்ல வேண்டும்? ........
>
> பதில் வராவிட்டாலும் எழுதக்கூடியவை
>
> 6. "கோயிலிலிருந்து 5 நிமிடம்." நான் நடந்து பார்த்தேன், 14 நிமிடம். திருவிழாவில் வீதி மறித்திருக்கும்போது விருந்தினரின் வாகனம் வீட்டு வாசல்வரை வருமா? ........
> பதில் வராவிட்டால் "நடந்து 14 நிமிடம்" என்று மட்டும் எழுதுவோம்.
>
> 7. "நெடுந்தீவுப் பயணம் ஏற்பாடு செய்து தரப்படும்." வாகனம் குறிகட்டுவான் துறைவரை மட்டுமா? ........ படகுக் கட்டணம் சேர்ந்ததா? ........ கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் பணம் திரும்புமா? ........
> பதில் வராவிட்டால் "நெடுந்தீவு செல்ல விரும்புவோர் முன்கூட்டியே கேட்கவும்" என்று எழுதுவோம். படகு நேரங்களைப் போடமாட்டோம், அவை மாறக்கூடியவை.
>
> 8. "1987 முதல்." அது வீடு கட்டிய வருடமா, விருந்தினர் இல்லம் தொடங்கிய வருடமா? ........
> பதில் வராவிட்டால் வருடத்தை எடுத்துவிடுவோம்.
>
> 9. பழைய புரோஷரின் ஐந்து படங்களும் யார் எடுத்தவை? ........ மறுபடி பயன்படுத்த அவர் சம்மதமா? ........
> பதில் வராவிட்டால் நாங்களே வந்து புதிதாகப் படம் எடுப்போம், அதற்குரிய கட்டணம் தனி.
>
> வரும் வெள்ளிக்கிழமைக்குள் முதல் ஐந்தும் கிடைத்தால் அடுத்த வெள்ளி முதல் வரைவு உங்கள் கையில் இருக்கும். தாமதமானால் அத்தனை நாள் வரைவும் பிந்தும். எழுதுவது சிரமம் என்றால் சொல்லுங்கள், நேரில் வந்து அரை மணித்தியாலத்தில் நிரப்பிக்கொள்கிறேன்.
>
> நன்றி.

மூன்று இடங்களைக் கவனியுங்கள். இரண்டாம் கேள்வியில் நான் அழைத்துப் பார்த்ததைச் சொன்னேன். "எண் சரியா?" என்று கேட்டிருந்தால் அவர் பார்க்காமலே "சரி" என்றிருப்பார். நான்காம் கேள்வியில் ஜெனரேற்றரோடு நிறுத்தாமல் ஏசி ஓடுமா என்றும் கேட்டேன். சிறிய ஜெனரேற்றர் மின்விசிறியையும் விளக்கையும்தான் தாங்கும். அதை "மின்வெட்டின்போதும் குளிர்சாதன வசதி" என்று நாம் எழுதிவிட்டால், இருட்டில் வியர்த்தபடி வரும் சண்டையை வாங்கப்போவது அவர். ஒன்பதாம் கேள்வியில் பணம் பற்றி வெளிப்படையாக எழுதினேன். படக் கட்டணத்தைப் பிறகு பில்லில் காட்டினால் மனக்கசப்பு வரும்.

ஐந்தாம் கேள்வி சிலருக்குத் தேவையில்லாததாகத் தோன்றலாம். நம் ஊர் ஆளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. திருவிழா நாட்களில் மச்சம் சமைக்காத வீடுகள் நல்லூரில் எத்தனை! ஒடியல் கூழ் குடிக்கலாம் என்ற ஆசையோடு கொழும்பிலிருந்து வருகிறவருக்கு, அந்த 25 நாளில் நண்டும் இறாலும் போட்ட கூழ் அங்கே கிடைக்காது என்று முன்பே தெரிந்தால் நல்லது. கோயிலுக்காக வருகிறவருக்கோ அந்த வரிதான் அறையைப் பதிய வைக்கும்.

படி 6: அனுப்பிய பிறகு

கடிதத்தைப் பிடிஎஃப் ஆக மின்னஞ்சலிலும், படமாக வட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். வயதானவர் என்பதால் அச்சடித்த தாள் ஒன்றையும் கையில் கொடுத்தேன். அந்தத் தாளில்தான் பதில் வந்தது.

பாதிப் பதில் பேனாவில் வந்தது, மீதி ஐந்து நிமிடக் குரல் பதிவாக. குரலில் வந்ததை எப்போதும் எழுத்தாக்கித் திருப்பி அனுப்புங்கள்: "ஐயா, நீங்கள் சொன்னதை இப்படி விளங்கிக்கொண்டேன்: ஏசி 4 அறை, சுடுநீர் 6 அறை, ஜெனரேற்றரில் ஏசி ஓடாது. சரியானால் 'சரி' என்று போடுங்கோ." அந்த ஒரு "சரி" உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

மறுநாள் கனடாவிலிருந்து மகன் எழுதினார். இருவர் அறைக்கு அவர் சொன்ன விலை, அப்பா எழுதியதைவிட ஆயிரம் ரூபா கூட. இதில் எடிட்டர் நடுவராக நிற்கக்கூடாது. எது நியாயமான விலை என்று நான் சொல்லவில்லை, இரண்டின் நடுவிலும் ஒன்றைப் போடவில்லை. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இருவருக்கும் ஒரே செய்தியாக அனுப்பி, "எதை அச்சிடுவது என்று ஐயா ஒரு வரியில் சொல்லுங்கள்" என்றேன். முதல் கடிதத்திலேயே "இறுதிப் பதில் யாருடையது?" என்று கேட்டிருக்கலாம். இப்போது அதை முதல் வரியிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.

பதிவுச் சான்றிதழ் கேள்விக்கு "அதை அப்படியே போடுங்கோ" என்று வந்தது. இது பதில் அல்ல. இந்த ஒன்றுக்காக மட்டும் தொலைபேசியில் அழைத்தேன். நீண்ட நினைவூட்டல் கடிதம் எழுதினால் மற்ற பதில்களும் திரும்பக் குழம்பும், ஒரு கேள்விக்கு ஓர் அழைப்பு போதும். சான்றிதழின் காலம் முடிந்து புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அப்படியானால் புதிய சான்றிதழ் கைக்கு வரும்வரை "பதிவு பெற்றது" என்று அடிக்க முடியாது என்றேன். கொஞ்சம் முகம் சுளித்திருப்பார் போல, ஆனால் ஒத்துக்கொண்டார். அந்த வரிக்கு உரிய இடத்தை வடிவமைப்பில் வெறுமையாக விட்டோம்.

எல்லாப் பதிலும் ஒரே தாளில் சேர்ந்ததும், திகதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினேன். தமிழில் எழுதி முடித்த பிறகு அது ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் போகும். தமிழில் விலை பிழைத்தால் மூன்று மொழியிலும் பிழைக்கும். அதனால் கையெழுத்து இல்லாத தாளை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பதில்லை. அவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான். ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன்.

கடைசியாக வந்தது எட்டாம் கேள்விக்கான பதில். 1987 வீடு கட்டிய வருடமும் இல்லை, தொழில் தொடங்கிய வருடமும் இல்லை. ஐயாவுக்குக் கலியாணம் நடந்த வருடம். புரோஷரை முதலில் எழுதிய ஆள் "எப்ப தொடங்கினது?" என்று கேட்டபோது, எதைக் கேட்கிறார் என்று விளங்காமல் சொல்லிவிட்டாராம். விருந்தினர் இல்லம் தொடங்கியது 2011 இல். புதிய புரோஷரில் 2011 என்று போட்டோம். கலியாண வருடத்தை எங்காவது ஓரமாகப் போட முடியாதா என்று அம்மா கேட்டார். ஆறு பக்கத்தில் இடமில்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.